மங்கல் குறிப்பும் தட்டிய பதிலும்: படிவப் படத்தைப் பெயர்த்தெழுதும் முறை

பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்க விரும்பும் விவசாயி, வெள்ளைத் தாளில் மனு எழுதிக்கொண்டு வட்டாட்சியர் அலுவலக வாயிலில் காத்திருந்த காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. இன்று இ-சேவை மையத்திலோ, வீட்டிலுள்ள படித்த பிள்ளையின் கைபேசியிலோ இணையவழிப் படிவம் நிரப்பப்படுகிறது. நிரப்பிய திரையை அப்படியே படமாக்கி, அதாவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வாட்ஸ்அப் வழியாக அனுப்பிவைக்கின்றனர். அந்தப் படம் அதன்பின் பல கைகளுக்குச் செல்கிறது. ஊராட்சி அலுவலகத்தில் அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்கின்றனர். திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடைபெறும் குறைதீர்க்கும் கூட்டத்திற்கு மனு எழுதித் தருபவரும் அதிலிருந்தே புல எண்ணையும் பெயரையும் எடுத்தெழுதுகிறார்.

இவ்வாறு படத்திலிருந்து தாளுக்குப் பெயர்த்தெழுதுகையில் நேரும் ஒரு குறிப்பிட்ட பிழையைப் பற்றியே இக்கட்டுரை. படிவத்தின் பெட்டிக்குள் மங்கலாகத் தோன்றும் மாதிரி எழுத்தை, விண்ணப்பதாரர் தட்டிய பதிலென்று எண்ணி எழுதிவிடுவதே அப்பிழை. பார்வைக்கு இது சிறு விஷயம். ஆயினும் நிலத்தின் உட்பிரிவு எண்ணில் இது நேருமாயின், ஒருவர் மனுவில் மற்றொருவர் நிலம் ஏறிவிடுகிறது.

மங்கல் எழுத்து என்பது யாது?

அச்சிட்ட பழைய படிவங்களில், கோட்டின் கீழே ‘பெரிய எழுத்துக்களில் எழுதுக’ என்றோ ‘நாள், மாதம், ஆண்டு’ என்றோ சிறிய எழுத்தில் குறிப்பு இருக்கும். எழுதுபவர் கோட்டின்மேல் மையினால் எழுதுவார். குறிப்பு வேறு, பதில் வேறு என்பது அங்கே இடத்தாலேயே தெளிவாகிவிடும். இணையப் படிவத்தை அமைப்போரோ, இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, அக்குறிப்பைப் பெட்டிக்கு உள்ளேயே வைத்துவிடுகின்றனர். பெட்டி காலியாக இருக்கும்வரை சாம்பல் நிறத்தில் அக்குறிப்பு நிற்கும். ஓர் எழுத்தைத் தட்டியவுடன் மறைந்துவிடும். தட்டியதை அழித்துவிட்டால் மீண்டும் தோன்றும். ஆகவே பெட்டிக்குள் குறிப்பு தெரிகிறது என்றாலே அப்பெட்டியில் யாரும் ஒன்றும் தட்டவில்லை என்பதே பொருள். பெயர்த்தெழுதுவோர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டிய முதல் செய்தி இதுதான்.

“ஐயா, பெட்டிக்குள் எண் இருக்கிறதே, பிறகு எப்படிக் காலி என்கிறீர்கள்?” என்று விவசாயிகள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. இதற்கு விடை, படிவத்தின் உள்ளமைப்பில் இருக்கிறது. இ-சேவை மையங்களில் பணிபுரியும் இளைஞர்களுக்கு விளங்கும்பொருட்டு, அவ்வமைப்பை இரண்டே வரிகளில் காட்டுவோம்.

```
<input name="subdiv" placeholder="2A">
<input name="subdiv" value="2A">
```

திரையில் இரண்டு பெட்டிகளிலும் 2A என்றே தெரியும். முதல் வரியில் உள்ளது வெறும் குறிப்பு. இரண்டாம் வரியில் உள்ளது உண்மையான பதில். ‘சமர்ப்பி’ என்ற பொத்தானை அழுத்தும்போது, பதில் மட்டுமே அரசுக் கணினிக்குச் செல்லும். குறிப்பு செல்லாது. முதல் வகைப் பெட்டி அங்கே போய்ச் சேரும்போது வெறும் பெட்டியாகத்தான் சேரும். இந்த `placeholder` என்னும் அமைப்பு, 2014ஆம் ஆண்டு அக்டோபரில் உலக வலைக் கூட்டமைப்பு வெளியிட்ட எச்.டி.எம்.எல். 5 என்னும் பொது நியமத்தில் இடம்பெற்றது. அதே ஆண்டில், இணையப் படிவங்களை மக்கள் எவ்வாறு கையாளுகின்றனர் என்று ஆராயும் நீல்சன் நார்மன் குழுமம் இதைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் வெளியிட்டது. பெட்டிக்குள் இருக்கும் குறிப்பை, முன்கூட்டியே நிரப்பிய பதிலென்று நினைத்து மக்கள் அப்பெட்டியைத் தாண்டிப் போய்விடுகின்றனர் என்பது அதில் கூறிய காரணங்களுள் ஒன்று. நம் விவசாயி கேட்கும் கேள்வி உலகெங்கும் கேட்கப்படுவதே என்று இதனால் விளங்கும்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். குரோம் உலாவியில், படிவம் அமைத்தவர் வேறு நிறம் குறிக்காவிடில், குறிப்பு எழுத்து #757575 என்ற சாம்பலில் வரும். முழுக்கறுப்பை 0 என்றும் முழுவெண்மையை 255 என்றும் கொண்டால், இச்சாம்பல் 117ஆவது படியில் நிற்கிறது. இதைவிட வெளுத்துவிட்டால் கண்பார்வை குறைந்தோர் படிக்க இயலாது என்பதால், ஓரளவு அடர்த்தியாகவே வைத்திருக்கின்றனர். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. குறிப்பு நன்றாகப் படிக்கக் கூடியதாக ஆக ஆக, அது பதிலைப் போலவே தோற்றமளிக்கத் தொடங்குகிறது. நேரில் திரையைப் பார்ப்பவருக்கே இவ்வளவு குழப்பம் என்றால், வெயிலில் நின்று, சுருங்கிய வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து எழுதுபவர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம்

பயிற்சிக்காக நாம் அமைத்துக்கொண்ட ஒரு பட்டா மாறுதல் படிவத்தின் படத்தை இங்கே விவரிக்கிறோம். இது எந்த அரசுத் தளத்தின் படிவத்தையும் நகலெடுத்ததன்று. எனினும் இதிலுள்ள ஒவ்வொரு பெட்டியையும் போன்றவற்றை நடைமுறையில் காணலாம். விண்ணப்பதாரர் கீழ்பென்னாத்தூர் வட்டத்து விவசாயி ஒருவர். அவர் மகன் சென்னையிலிருந்து படிவத்தை நிரப்பிப் படத்தை அனுப்பியிருக்கிறார். தந்தை அதை எடுத்துக்கொண்டு, குறைதீர்க்கும் கூட்டத்திற்கு மனு எழுதவேண்டி ஊராட்சி அலுவலகத்திற்கு வருகிறார்.

படத்தில் மேலிருந்து கீழாகத் தெரிவன இவை. மாவட்டம் என்ற பெட்டியில் Tiruvannamalai என்று கறுப்பு எழுத்து. வட்டம் என்பதில் Kilpennathur, அதுவும் கறுப்பே. கிராமம் என்ற பெட்டியில் --Select-- என்பது, அதே கறுப்பில். விண்ணப்பதாரர் பெயர் சாம்பல் எழுத்தில், பெட்டியும் சாம்பல் பூசியதாக இருக்கிறது. கைபேசி எண் 9876543210, வெள்ளைப் பெட்டியில் சாம்பல் எழுத்து. புல எண் 214, கறுப்பு. உட்பிரிவு எண் 2A, வெள்ளைப் பெட்டியில் சாம்பல். பத்திரப் பதிவு நாள் dd-mm-yyyy, கறுப்பு. பரப்பு ஹெக்டேர் என்ற பெட்டியில் 0, கறுப்பு.

விரைந்து எழுதுபவர் இதைப் பார்த்தவுடன் ‘புல எண் 214/2A’ என்று எழுதிவிடுவார். இரண்டு பெட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாலும், நம் நாட்டில் புல எண்ணையும் உட்பிரிவையும் சேர்த்தே எழுதிப் பழகியிருப்பதாலும், கை தானாகவே அப்படி ஓடும். ஆனால் 2A என்பது படிவம் அமைத்தவர் வைத்த மாதிரி. விவசாயியின் நிலம் 214/2Bயாக இருக்கலாம், 214/5ஆகவும் இருக்கலாம். 214/2A என்பது வெறும் மாதிரி எண்ணாக இல்லாமல், அந்தப் புலத்தில் உண்மையாகவே உள்ள வேறொருவர் நிலமாக இருக்கக்கூடும். அங்கேதான் ஆபத்து.

இனி நடப்பதைக் கவனியுங்கள். உட்பிரிவு இல்லாத புலங்களும் உண்டு என்பதால், நம் படிவத்தில் உட்பிரிவுப் பெட்டியைக் கட்டாயமாக்கவில்லை. அதனால் கணினி எதிர்ப்புத் தெரிவிக்காமல் காலிப் பெட்டியை ஏற்றுக்கொள்ளும். கணினிக்குச் சென்ற செய்தியில் அப்பகுதி இவ்வாறு இருக்கும்.

```
survey=214&subdiv=
```

சமக் குறிக்குப் பின் ஒன்றுமில்லை. ஆனால் கையால் எழுதிய மனுவில் 214/2A என்று தெளிவாக இருக்கிறது. மனுவை விசாரிக்கும் கிராம நிருவாக அலுவலர் 2A நிலத்துக்குச் செல்வார். அந்நிலத்துக்காரர் ‘என் நிலத்தை நான் யாருக்கும் விற்கவில்லையே’ என்று திகைப்பார். அண்டை வீட்டாரிடையே சச்சரவு எழும். கணினியில் ஒன்றும் தாளில் ஒன்றுமாக இருப்பதால் விண்ணப்பம் திரும்பிவிடும். இவ்வளவுக்கும் விவசாயி பொய் சொல்லவில்லை, மகனும் பொய் தட்டவில்லை. பெயர்த்தெழுதியவர்தான், இல்லாத பதிலொன்றை உண்டாக்கிவிட்டார்.

நிறம் ஒன்றை மட்டும் நம்பலாகாது

மேற்கண்ட படத்தை ஊன்றி நோக்கினால், ‘சாம்பல் என்றால் குறிப்பு, கறுப்பு என்றால் பதில்’ என்ற எளிய விதி இருபுறமும் பொய்த்துப்போவது தெரியும்.

முதலில், சாம்பலாய் இருந்தும் பதிலாய் உள்ளதைப் பார்ப்போம். விண்ணப்பதாரர் பெயர் சாம்பல் எழுத்துத்தான். ஆனால் அதன் பெட்டியும் சாம்பல் பூசியிருக்கிறது. உள்நுழையும்போது பதிந்த கணக்கிலிருந்து பெயரைக் கணினியே எடுத்து நிரப்பி, யாரும் மாற்றக் கூடாதென்று பூட்டிவைத்த பெட்டி அது. பூட்டிய பெட்டிகளைப் பெரும்பாலும் எழுத்தும் பின்புலமும் மங்கியவாறே காட்டுவது வழக்கம். அதிலுள்ளது உண்மையான பெயர். அதைக் காலி என்று விட்டுவிட்டால் அதுவும் பிழையே. ஆகவே எழுத்தின் நிறத்தைப் பார்த்த கண், பெட்டியின் நிறத்தையும் பார்க்கவேண்டும். மங்கிய எழுத்து வெள்ளைப் பெட்டியில் இருந்தால் குறிப்பென்று ஐயுறலாம்; மங்கிய பெட்டியில் இருந்தால் பூட்டிய பதிலென்று ஐயுறலாம். கைபேசியோ கணினியோ முன்பு சேமித்துவைத்த விவரத்தைத் தானே நிரப்பியிருந்தால், பெட்டி வெளிர்நீலமாகவோ வெளிர்மஞ்சளாகவோ தோன்றும். அதுவும் பதிலே. ஆயினும் அது இந்த விண்ணப்பதாரருடையதுதானா, அந்தக் கணினியில் முன்பு விண்ணப்பித்த வேறொருவருடையதா என்று கேட்டுக்கொள்வது நலம். பலரும் பயன்படுத்தும் மையங்களில் இக்கேள்வியைத் தவறாது கேட்கவேண்டும்.

அடுத்து, கறுப்பாய் இருந்தும் பதில் அல்லாதவை. --Select-- என்பது பட்டியலின் தலைப்பு வரி. கிராமம் இன்னும் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்பதே அதன் பொருள். பட்டியல் பெட்டிகளில் இவ்வரி மற்ற பதில்களைப் போலவே கறுப்பில் நிற்கும். dd-mm-yyyy என்பதும் அத்தகையதே. நாள் பெட்டியை உலாவியே அமைத்து, நாள், மாதம், ஆண்டு எங்கே வரவேண்டும் என்று காட்டுகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. நாளை மட்டும் தட்டிவிட்டு மற்றவற்றை மறந்திருந்தால் 12-mm-yyyy என்று தோன்றும். 12 தட்டியது, மற்றவை குறிப்பு. அரைகுறையான நாளை உலாவி பதிலாகக் கொள்ளாது. ஆகவே ‘12 மட்டும் தட்டப்பட்டுள்ளது, நாள் முற்றுப்பெறவில்லை’ என்றே எழுதவேண்டும். மாதத்தையும் ஆண்டையும் பத்திரத்தைப் பார்த்து நிரப்பி எழுதிவிடலாமே என்று தோன்றும். அது பெயர்த்தெழுதுவோர் வேலையன்று.

பரப்புப் பெட்டியில் உள்ள 0 இன்னொரு வகை. இது படிவம் அமைத்தவர் முன்கூட்டியே வைத்த தொடக்கப் பதில். கறுப்பில் இருக்கிறது, கணினிக்கும் சென்று சேரும். எனவே இதைக் காலி என்று எழுதக் கூடாது. படத்தில் உள்ளவாறே 0 என்று எழுதி, ‘விண்ணப்பதாரர் தட்டியதா, படிவமே வைத்ததா என்பது ஐயம்’ என்று பக்கத்தில் குறிக்கவேண்டும். ஒரு ஏக்கர் நிலத்துக்காரர் பரப்பு ஏறத்தாழ 0.405 ஹெக்டேர் இருக்கவேண்டும். 0 ஹெக்டேர் நிலத்துக்கு யாரும் பட்டா கேட்பதில்லை என்பதால், இது திருத்த வேண்டிய இடம் என்பது விண்ணப்பதாரருக்கு உடனே புரியும்.

கண்டறியும் வழிகள்

நிறம் மட்டும் போதாது என்றால் எப்படித்தான் தீர்மானிப்பது? நாம் பயிற்சிகளில் கூறிவரும் முறை, அந்தப் படத்துக்குள்ளேயே ஓர் உரைகல்லைத் தேடுவது. விண்ணப்பதாரர் தாமே தட்டியது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பெட்டியை முதலில் தேர்ந்துகொள்ள வேண்டும். நம் படத்தில் அது புல எண் 214. விவசாயியைக் கேட்டால், ‘ஆம், எங்கள் புலம் 214தான்’ என்பார். படத்தைக் கைபேசியில் விரித்துப் பெரிதாக்கி, 214இன் கருமையையும் 2Aஇன் கருமையையும் பக்கத்தில் பக்கத்தில் ஒப்பிடவேண்டும். ஒரே படத்துக்குள் ஒப்பிடுவதே முக்கியம். வேறொரு படத்தோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு திரையின் வெளிச்சமும் வேறாக இருப்பதால் கண் ஏமாறும். இரவுநேர அமைப்பில் எடுத்த படத்தில் பின்புலம் கறுப்பாகவும் தட்டிய எழுத்து வெள்ளையாகவும் இருக்கும். குறிப்போ இரண்டுக்கும் இடைப்பட்ட சாம்பலில் நிற்கும். அதிலும் இந்த உரைகல் முறை பயன்படும், ஏனெனில் நாம் தேடுவது குறிப்பிட்ட ஒரு நிறத்தையன்று, உறுதியான பதிலைவிட மங்கி நிற்கும் எழுத்தை.

படத்தைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்து, அதைப் பார்த்து எழுதுவதை அறவே விட்டுவிடுதல் வேண்டும். நகல் இயந்திரம் சாம்பலைக் கறுப்பாக ஏற்றிவிடும், அல்லது அடியோடு வெளுத்துவிடும். வேறுபாடு போன பிறகு எவராலும் கண்டறிய முடியாது. கைபேசியில் உள்ள மூலப் படத்தைப் பார்த்தே எழுதவேண்டும். ஒரு திரையை மற்றொரு கைபேசியால் நிழற்படம் பிடித்திருந்தால், இயன்றவரை ஸ்கிரீன்ஷாட்டையே கேட்டு வாங்குங்கள். நிழற்படத்தில் ஓரங்கள் இருண்டு, சாம்பல் எழுத்தும் கறுப்பாகத் தெரியும்.

இரண்டாவது வழி, எழுத்தின் உருவத்தைப் பார்ப்பது. மாதிரிக்காக எழுதிய எண்கள் பெரும்பாலும் வரிசையாக இருக்கும். 9876543210 என்ற கைபேசி எண் அப்படிப்பட்டது. நம் நாட்டுக் கைபேசி எண் பத்து இலக்கமும், முதல் இலக்கம் 6, 7, 8, 9 ஆகியவற்றுள் ஒன்றுமாக இருக்கும் என்ற விதிக்கு இது உட்பட்டதே என்பதால், விதி மட்டும் இங்கே உதவாது; இறங்கு வரிசையே காட்டிக்கொடுக்கிறது. ஆதார் எண்ணில் விதியே உதவும். ஆதாரில் பன்னிரண்டு இலக்கங்கள். முதல் இலக்கம் 0 ஆகவோ 1 ஆகவோ இராது. எனவே 1234 5678 9012 என்று பெட்டியில் கண்டால், அது யாருடைய ஆதாரும் அன்று என்று உறுதியாகச் சொல்லலாம். வங்கியின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டில் பதினொரு எழுத்துக்கள்; முதல் நான்கும் எழுத்து, ஐந்தாவது பூச்சியம். ABCD0123456 என்று கண்டால், அமைப்பு சரி என்றாலும் ABCD என்ற வரிசை ஐயத்தைத் தரும். வருமான வரிக் கணக்கு அட்டை எண்ணுக்கு ABCDE1234F என்ற மாதிரி மிகவும் பரவலானது. தனிநபர் அட்டையில் நான்காவது எழுத்து P ஆக இருக்கவேண்டும். இங்கே D இருக்கிறது.

ஆயினும் நம் உட்பிரிவு எண் 2A இந்தச் சோதனைக்கு அகப்படாது. உண்மையான உட்பிரிவுகளும் 2A, 1B, 3C1 என்றுதான் இருக்கின்றன. மாதிரி எவ்வளவுக்கு இயல்பாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அபாயம் அதிகம். படிவம் அமைப்போர் ‘எ.கா. 2A’ என்று போட்டிருந்தால் இத்தொல்லை பெரிதும் குறையும். இன்னும் மேலாக, குறிப்பைப் பெட்டிக்கு வெளியே வைப்பதே முறை. பிரிட்டன் அரசின் படிவ வழிகாட்டியும், குறிப்புகளையும் மாதிரிகளையும் பெட்டிக்குள் மங்கல் எழுத்தாக வைக்க வேண்டாமென்றே கூறுகிறது.

மூன்றாவது வழி, ஐயம் தீராதபோது மூலத்துக்குப் போவது. படிவம் இன்னும் சமர்ப்பிக்கப்படாமல் திறந்திருந்தால், அந்தப் பெட்டியைத் தொட்டு ஓர் எழுத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்த எழுத்து மறைந்து தட்டியது மட்டும் நின்றால் அது குறிப்பு. இருந்த எழுத்தோடு தட்டியது சேர்ந்துகொண்டால் அது பதில். தட்டிய எழுத்தை அழித்துவிட மறக்கக் கூடாது. சமர்ப்பித்தாகிவிட்டது என்றால் ஒப்புகைச் சீட்டையோ, விண்ணப்பத்தின் அச்சுப் பிரதியையோ கேட்டு வாங்கிப் பாருங்கள். அரசுக் கணினிக்குச் சென்றது மட்டுமே அதில் அச்சாகும். குறிப்புக்கு அங்கே இடமில்லை. உட்பிரிவு என்ற இடம் வெறுமையாகவோ வெறும் கோடாகவோ இருந்தால் ஐயம் தீர்ந்தது.

எழுதும் முறை

படத்தைப் பார்த்து எழுதும் தாளில் மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுதல் நலம். முதல் பத்தியில் பெட்டியின் பெயர். இரண்டாம் பத்தியில் விண்ணப்பதாரரின் பதில். மூன்றாம் பத்தியில் படிவத்தின் குறிப்பும் நம் ஐயமும். குறிப்பை முற்றிலும் விட்டுவிடலாமே என்று சிலர் கேட்கலாம். விட்டுவிட்டால், பின்னர் படத்தையும் தாளையும் ஒப்பிடுபவர் ‘2A என்று இருக்கிறதே, ஏன் எழுதவில்லை’ என்று நம்மையே கேட்பார். மூன்றாம் பத்தியில் அது இருந்தால் கேள்வி எழாது. நம் படத்தை அம்முறையில் எழுதினால் இவ்வாறு அமையும்.

மாவட்டம் | Tiruvannamalai | பட்டியலில் தேர்ந்தது
வட்டம் | Kilpennathur | பட்டியலில் தேர்ந்தது
கிராமம் | காலி | --Select-- என்ற வரி உள்ளது
விண்ணப்பதாரர் பெயர் | படத்தில் உள்ளவாறு | பூட்டிய சாம்பல் பெட்டி
கைபேசி எண் | காலி | குறிப்பு: 9876543210
புல எண் | 214 | விண்ணப்பதாரர் உறுதிசெய்தார்
உட்பிரிவு எண் | காலி | குறிப்பு: 2A
பத்திரப் பதிவு நாள் | காலி | dd-mm-yyyy என்ற அமைப்பு மட்டும்
பரப்பு, ஹெக்டேர் | 0 | தட்டியதா, படிவம் வைத்ததா? ஐயம்

‘காலி’ என்ற சொல்லைத் தவறாது எழுதவேண்டும். இடத்தை வெறுமனே விட்டுவிட்டால், எழுத மறந்ததா, பெட்டியே காலியா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. அவ்விடத்தில் வேறொருவர் வேறொரு மையினால் எதையேனும் நிரப்பிவிடவும் கூடும். உறுதியாகத் தெரியாத இடத்தில் ‘ஐயம்’ என்று எழுதக் கூசவேண்டியதில்லை. ஊகித்து எழுதிய ஓர் எண்ணைவிட, ஐயம் என்று எழுதிய ஒரு சொல் விண்ணப்பதாரருக்குப் பயன்படும், ஏனெனில் அதைக் கண்டவுடன் அவர் பத்திரத்தை எடுத்துப் பார்ப்பார்.

இதில் இன்னொரு பழக்கத்தையும் கவனிக்கவேண்டும். விவசாயி எதிரிலேயே அமர்ந்திருப்பதால், ‘உட்பிரிவு என்ன, ஐயா?’ என்று கேட்டு, அவர் ‘2B’ என்றால் அதை இரண்டாம் பத்தியில் எழுதிவிடுவது இயல்பாகத் தோன்றும். அது கூடாது. படத்தில் 2B இல்லை, கணினிக்கும் 2B செல்லவில்லை. அவர் வாய்மொழியாகச் சொன்னதை மூன்றாம் பத்தியில், ‘விண்ணப்பதாரர் நேரில் கூறியது: 2B’ என்று எழுதலாம். இரண்டாம் பத்தி படத்துக்கு மட்டுமே உரியது. படத்தில் எழுத்துப்பிழை இருந்தால் அதையும் பிழையாகவே எழுதவேண்டும். Kilpennathur என்பதில் படிவத்தின் பட்டியலே ஓர் எழுத்தை விட்டிருந்தால், நாம் சேர்த்தல் ஆகாது. ஆதார் எண் உள்ள படங்களில் மட்டும் விதிவிலக்கு உண்டு. பன்னிரண்டையும் பதிவேட்டில் எழுதாமல், கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் எழுதி, முன்னுள்ள எட்டுக்கும் X குறியிடுதல் தகும்.

தாளின் தலைப்பில், படம் எந்த நாளில் எவரிடமிருந்து வந்தது, சமர்ப்பிக்கும் முன் எடுத்ததா பின் எடுத்ததா, பெயர்த்தெழுதியவர் யார் என்பவற்றைக் குறித்துவிடவேண்டும். சமர்ப்பிக்கும் முன் எடுத்த படமாயின் காலிப் பெட்டிகளை இன்னும் நிரப்ப வாய்ப்பு உண்டு. நம் படத்தில் சமர்ப்பி என்ற பொத்தான் கீழே தெரிகிறது. ஆகவே படம் எடுத்த வேளையில் விண்ணப்பம் இன்னும் அனுப்பப்படவில்லை. விவசாயி மகனைத் தொலைபேசியில் அழைத்து, அதன்பின் படிவத்தை அனுப்பிவிட்டானா என்று கேட்கவேண்டும். அனுப்பவில்லையென்றால் கிராமத்தையும் தேர்ந்து, உட்பிரிவையும் பத்திர நாளையும் பரப்பையும் பத்திரத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டி, கைபேசி எண்ணுக்குத் தந்தையின் எண்ணையே இட்டு அனுப்பலாம். விண்ணப்பத்தின் நிலை குறித்த குறுஞ்செய்திகள் அப்போதுதான் ஊரிலுள்ள தந்தைக்கு வரும். அவ்வாறு திருத்திய பின் மகன் அனுப்பும் புதிய படத்துக்குப் புதிய தாளே போடவேண்டும். பழைய தாளில் அடித்து எழுதாமல், இரண்டையும் ஒன்றாக நூலால் கட்டி வைத்தால், எந்தப் பெட்டி எப்போது நிரம்பியது என்பது கேட்பவருக்கு உடனே தெரியும்.